காசோலைக்குப் பதில் வாரம் ஒருநாள் வங்கியில் பணம்: கம்பெனிக் கடிதம் வந்தால் கவனிக்கவேண்டியவை

காரைக்கால் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின் நெல் தரிசில் பருத்தி போடும் விவசாயிகள் உண்டு. மாசி, பங்குனியில் விதைத்த பருத்தி ஆனி, ஆடியில் வெடிக்கும். முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்று வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாட்களுக்கு ஒருமுறையோ பஞ்சு வீட்டுக்கு வந்து சேரும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்குக் கொண்டுபோவோர் ஒருபுறம் இருக்க, அரைவை ஆலைக்கும் கொள்முதல் கம்பெனிக்கும் நேரடியாக எடைபோட்டுக் கொடுப்போரும் இருக்கின்றனர். அத்தகையோருக்குப் பணம் பெரும்பாலும் காசோலையாகவே கிடைத்து வந்தது.

இப்போது பல கம்பெனிகள் காசோலையை நிறுத்திவிட்டு, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் விற்பவரின் வங்கிக் கணக்குக்கு இணையவழியாகப் பணம் அனுப்பும் முறைக்கு மாறி வருகின்றன. கோட்டுச்சேரியில் உள்ள ஒரு சிறு விவசாயிக்கு இப்படி ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும், எந்தக் கணக்கு எண்ணைக் கொடுக்கவேண்டும் என்பது இங்கே விளக்கப்படுகிறது. விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் இதே கடிதத்தைத் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுதவேண்டியிருக்கும். ஆகவே கடிதம் எழுதுவோருக்கும் இது பயன்படும்.

கடிதத்தில் மறைந்திருக்கும் நாள்

கடிதத்தில் வழக்கமாக முன்னால் நிற்பது பணம் தரும் நாள். "இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பணம் கணக்கில் வரவு வைக்கப்படும்" என்று எழுதியிருப்பார்கள். விவசாயி அதை மட்டும் படித்துவிட்டு, வியாழனன்று எடைபோட்டால் மறுநாளே பணம் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார். தகராறு தொடங்குவது இங்கேதான்.

வெள்ளிக்கிழமை பணம் போகவேண்டுமானால் அதற்கு முன்னால் எடைச்சீட்டுகளைச் சேர்த்து, தரக் கழிவும் முன்பணமும் பார்த்து, ஒருவர் பட்டியல் தயாரிக்கவேண்டும். அதை இன்னொருவர் சரிபார்த்து வங்கிக் கணினியில் ஒப்புதல் கொடுக்கவேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். ஆகவே எல்லாக் கம்பெனிகளிலும் "கணக்கு மூடும் நேரம்" என்று ஒன்று இருக்கிறது. அந்த நேரத்துக்கு முன்னால் எடைபோட்ட சரக்குக்கு அந்த வாரமே பணம். பிந்திய சரக்குக்கு அடுத்த வாரம். கடிதத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கலாம், சில கடிதங்களில் இல்லாமலே போகலாம். விவசாயி முதலில் கேட்டு எழுதி வாங்கவேண்டியது இந்த நேரத்தைத்தான்.

பணம் தரும் நாள் வெள்ளி என்றும், கணக்கு மூடுவது செவ்வாய் மாலை 5 மணி என்றும் கொள்வோம். செவ்வாய் மாலை 4 மணிக்கு எடைபோட்டவருக்கு மூன்றாம் நாள் வெள்ளியன்று பணம் வந்துவிடும். மறுநாள் புதன் காலை 9 மணிக்கு எடைபோட்டவருக்கு அந்த வெள்ளி கிடையாது, அடுத்த வெள்ளிதான். அவர் ஒன்பது நாட்கள் காத்திருக்கவேண்டும். எடையில் வித்தியாசம் 17 மணி நேரம், பணத்தில் வித்தியாசம் ஒரு வாரம்.

கம்பெனிக்கு இதனால் ஆதாயம் உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. வாரம் முழுதும் காசோலை எழுதிக்கொண்டிருந்த வேலை ஒருநாள் வேலையாகிறது. அதோடு, விவசாயியின் பணம் சில நாட்கள் அவர்கள் கையிலேயே நிற்கிறது. பணம் தரும் நாளைக் கம்பெனி முடிவு செய்துவிட்டாலும், கணக்கு மூடும் நேரத்தைப் புதன் மாலைக்குத் தள்ளித் தரும்படி விற்பவர்கள் சேர்ந்து கேட்பதில் தவறில்லை. பட்டியல் சிறிதாக இருக்கும் கம்பெனியில் இதைச் செய்ய இயலும்.

அவசரப்பட்டு ஈரப் பஞ்சைக் கொண்டுபோக வேண்டாம்

கணக்கு மூடும் நேரம் தெரிந்ததும் விவசாயிக்குத் தோன்றும் முதல் யோசனை, எப்படியாவது செவ்வாய்க்குள் எடைபோட்டுவிடவேண்டும் என்பது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காலை வேளையில், 10, 11 மணி வரை பருத்தி எடுத்தால் காய்ந்த சருகு பஞ்சோடு ஒட்டாது என்பது தெரிந்ததே. அப்படி எடுத்த பஞ்சில் பனி ஈரம் இருக்கும், நிழலில் உலர்த்தவேண்டும். உலராத பஞ்சைச் சாக்கில் அடைத்து அன்றே கொண்டுபோனால் எடையில் கழிப்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒருவரிடம் 320 கிலோ பருத்தி இருக்கிறது. விலை கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 22,400 ரூபாய். ஈரம் 8 சதவீதம் வரை முழு எடை, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிவு என்பது கம்பெனியின் முறை என்று கொள்வோம். ஈரம் 11 சதவீதம் காட்டினால் 9.6 கிலோ போய்விடும். அதன் மதிப்பு 672 ரூபாய்.

இதற்கு மாறாக அவர் பஞ்சை உலர்த்தி, ஒருநாள் பிந்தி, ஒரு வாரம் கழித்துப் பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வாரத்துக்கு அவருக்குத் தேவைப்படுவது எடுப்பு ஆட்களின் கூலி. கிலோவுக்கு 12 ரூபாய் என்றால் 3,840 ரூபாய். இதை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கினாலும் ஏழு நாள் வட்டி சுமார் 27 ரூபாய்தான் ஆகும். 27 ரூபாயைத் தவிர்க்க 672 ரூபாயை இழப்பது புத்திசாலித்தனமல்ல.

ஆனால் கைமாற்று கிடைக்காதவர் நிலைமை வேறு. எடுப்பு ஆட்களுக்கு அன்றாடம் கூலி கொடுக்காவிட்டால் அடுத்த எடுப்புக்கு வரமாட்டார்கள். வெடித்த பருத்தி செடியிலேயே நின்று கோடை மழையில் நனைந்தால் கறை பிடித்து விலை போகாது. இத்தகையோர் எடுக்கும் நாளையே மாற்றிக்கொள்வது நல்லது. செவ்வாய் மாலை கணக்கு மூடுமானால் வெள்ளி, சனியில் எடுத்து, ஞாயிறும் திங்களும் உலர்த்தி, செவ்வாய் காலை எடைபோடலாம். எடுப்புக்கு எடுப்பு ஏழு நாட்கள் விட்டால் ஒவ்வொரு வாரமும் இந்தக் கிரமம் தப்பாது.

காசோலையில் இருந்த ஒரு பாதுகாப்பு

காசோலை மெதுவானது என்ற பேச்சு இப்போது முழு உண்மையல்ல. காசோலையின் படத்தை மட்டும் வங்கிகளுக்கிடையே அனுப்பும் முறை சென்னையை மையமாகக் கொண்ட பகுதிக்கு 2011-லேயே வந்துவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுதும் தொடர்ந்து பரிசீலிக்கப்படுகின்றன. காலையில் கொடுத்த காசோலைக்குப் பணம் அன்றே வந்துவிட வழி பிறந்திருக்கிறது. தாமதம் வங்கியில் இல்லை. கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லாததும், காசோலை வாங்க ஒருநாள், வங்கியில் போட ஒருநாள் என்று விவசாயி அலைவதுமே தாமதத்துக்குக் காரணம்.

இணையவழியில் அந்த அலைச்சல் இல்லை. ஆனால் காசோலையில் இருந்த ஒன்று இதில் இல்லை என்பதை விவசாயிகள் அறிந்திருக்கவேண்டும். காசோலை என்பது, இவ்வளவு பணம் தருகிறேன் என்று கம்பெனி கையெழுத்திட்டுக் கொடுத்த தாள். பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுக்கவேண்டும். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். இந்தப் பயம் வியாபாரிகளுக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை பணம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போடாமலே இருந்தால், அங்கே திரும்பிய காசோலை எதுவும் இல்லை. விவசாயியின் கையில் இருப்பது எடைச்சீட்டு மட்டுமே. ஆகவே இதுவரை காசோலை கிடைத்ததும் எடைச்சீட்டைக் கசக்கிப் போட்டவர்கள் இனி அப்படிச் செய்யலாகாது. எடைச்சீட்டில் நாள், நேரம், எடை, கழிவு, கிலோ விலை, தரவேண்டிய தொகை, கம்பெனி ஆளின் கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கவேண்டும். "தொகை பின்னர் கணக்கிடப்படும்" என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வருவது வெறுங்கையோடு வருவதற்குச் சமம்.

கரும்பு விவசாயிகளுக்கு இந்த விஷயத்தில் சட்டமே துணை நிற்கிறது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும். அப்படியும் பாக்கி விழுகிறது என்பது வேறு கதை. பொதுவாக விளைபொருள் வாங்கும் வியாபாரி அன்றே அல்லது மிஞ்சினால் மூன்று வேலை நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்ற விதி 2020-இல் வந்த மத்திய வேளாண் வர்த்தகச் சட்டத்தில் இருந்தது. 2021-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டதோடு அவ்விதியும் போய்விட்டது. கம்பெனிக்கு நேரடியாக விற்கும் பருத்திக்குக் கரும்பைப் போன்ற ஆணை கிடையாது. கம்பெனிக் கடிதத்தில் எழுதியுள்ள நாள்தான் கெடு. அந்தக் கடிதத்தையும் எடைச்சீட்டுகளோடு சேர்த்து வைக்கவேண்டும்.

எந்தக் கணக்கு எண்ணைக் கொடுப்பது?

கடிதத்தோடு ஒரு படிவமும் வரும். பெயர், வங்கி, கணக்கு எண், கிளைக் குறியீடு ஆகியவற்றை நிரப்பிக் கேட்பார்கள். இதில் பெயர் சரியாக இருந்தால் போதும், பணம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இணையவழியில் பணம் போய்ச்சேருவது கணக்கு எண்ணை வைத்துத்தான். எண்ணில் ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். பொதுவாக அந்தக் கணக்குக்காரரின் சம்மதமின்றி வங்கி அதைத் திரும்ப எடுத்துத் தர இயலாது. அனுப்புமுன் அந்த எண்ணுக்கு உரியவரின் பெயரைத் திரையில் பார்த்துக்கொள்ளும் வசதி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளில் தரப்படவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. கம்பெனி அதைப் பயன்படுத்துகிறதா என்று கேட்கலாம். அதைவிட எளிய வழி, முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, அது வந்ததைப் பாஸ்புக்கில் பதிந்து காட்டியபின் பெரிய தொகையை வாங்குவது.

கிளைக் குறியீடு, அதாவது ஐ.எஃப்.எஸ்.சி. என்பது 11 எழுத்து, எண்கள் கொண்டது. அதில் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. இன்னொன்று, பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவது. 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. லட்சுமி விலாஸ் வங்கியும் அதே ஆண்டு டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. இந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் பழைய குறியீட்டைக் கொடுத்தால் பணம் போகாது. கிளைக்குப் போய்ப் புதுப் பாஸ்புக் வாங்கி, அதன் முதல் பக்கத்தின் நகலைப் படிவத்தோடு இணைப்பதே சரி.

எண்ணைச் சரியாக எழுதினாலும், எந்தக் கணக்கு என்பதில் தவறலாம். பயிர்க்கடன் கணக்கு எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டால் வருகிற பணம் நேராகக் கடனுக்குப் போய்விடும். கூலி கொடுக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்புக் கணக்கின் எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். அதே வங்கியில் தவணை தப்பிய கடன் இருந்தால் சேமிப்புக் கணக்குக்கு வரும் பணத்தையும் வங்கி ஈடுகட்டிக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்டவர்கள் பருவம் தொடங்குமுன்பே மேலாளரைப் பார்த்துத் தவணை பற்றிப் பேசிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை பணம் பிடிக்கப்பட்ட பிறகு பேசிப் பயனில்லை. காசோலை கையில் இருந்தபோது அதை எந்த வங்கியில் போடுவது என்பது விவசாயியின் விருப்பமாக இருந்தது. இப்போது அந்த முடிவைப் படிவம் நிரப்பும்போதே எடுத்தாகவேண்டும்.

முழு ஆவணங்கள் இல்லாமல் திறந்த "சிறிய கணக்கு" வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அத்தகைய கணக்கில் ஓர் ஆண்டில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்க்குமேல் வரவு வைக்க இயலாது. எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்குமேல் எடுக்கவும் முடியாது. மற்ற நாட்களில் இது உறைக்காது. பருத்திப் பணம் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வந்ததும் வரவு தடைப்படும். ஆதார் முதலிய ஆவணங்களைக் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளவேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, ஒருநாள் கிளைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

குத்தகைதாரர்கள் நிலத்துக்காரரின் கணக்கு எண்ணைக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. அரசு நெல் கொள்முதலில் நிலப் பதிவேடு கேட்கப்படுவதால் அந்தச் சிக்கல் வருகிறது. 2021 ஏப்ரலில் பஞ்சாபில் கோதுமைப் பணத்தைத் தரகர் வழியாக அல்லாமல் நேரே விவசாயி கணக்கில் போடத் தொடங்கியபோது அங்கும் குத்தகைதாரர்கள் பற்றிய கேள்வி எழுந்தது. தனியார் கம்பெனிக்கு எடைச்சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விற்பவர். எடைச்சீட்டும் கணக்கும் ஒரே பெயரில் இருக்கும்படி முதல் எடுப்பிலிருந்தே பார்த்துக்கொண்டால் போதும். மகன் எடைபோட்டு, தந்தை கணக்கில் பணம் கேட்பது போன்றவை கணக்குப் பிரிவில் நிறுத்திவைக்கப்படும்.

பணம் வந்ததைச் சரிபார்ப்பது

காசோலையாக இருந்தபோது ஒவ்வோர் எடைக்கும் ஒரு காசோலை இருந்தது. இனி ஒரு வாரத்தில் போட்ட எடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வரும். முன்பணமும் இறக்குகூலியும் அதில் பிடித்திருப்பார்கள். எது எதற்கு என்று பாஸ்புக்கில் தெரியாது.

முன்னர் சொன்ன விவசாயி முதல் நாள் 320 கிலோவும், இரண்டு நாள் கழித்து 145 கிலோவும் எடைபோட்டார் என்று கொள்வோம். இரண்டுமே கணக்கு மூடுமுன் போட்டவை. முதல் சரக்கு 70 ரூபாய் வீதம் 22,400. இரண்டாவது சற்றுக் கறைபட்டதால் 68 ரூபாய் வீதம் 9,860. மொத்தம் 32,260 ரூபாய். முன்பணம் 6,000, இறக்குகூலி 400-ம் 180-ம் ஆக 580. இவற்றைக் கழித்தால் வரவேண்டியது 25,680 ரூபாய். பாஸ்புக்கில் 25,100 என்று இருக்கிறது. வித்தியாசம் 580. இறக்குகூலியை இரண்டு முறை கழித்துவிட்டார்கள் என்பது அந்த எண்ணைப் பார்த்தவுடனே விளங்கும். எடைச்சீட்டுகள் கையில் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்ற சந்தேகம் மட்டுமே மிஞ்சும். ஆகவே தொகை அனுப்பும்போதே எந்தெந்த எடைச்சீட்டு எண்ணுக்கு எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று ஒரு விவரச்சீட்டோ குறுஞ்செய்தியோ தரும்படி கம்பெனியைக் கேட்கவேண்டும்.

வெள்ளி மாலைவரை பணம் வராவிட்டால் "அனுப்பிவிட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது. வங்கி வழியாக அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் யு.டி.ஆர். என்ற ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லச் சொன்னால், உண்மையில் அனுப்பினார்களா என்பது தெரிந்துவிடும். எண் இருந்தால் அதை எழுதிக்கொண்டு தன் கிளையில் காட்டலாம். நெப்ட் என்னும் முறையில் அரைமணிக்கு ஒருமுறை பணம் போகிறது. 2019 டிசம்பர் 16 முதல் இரவு, பகல், விடுமுறை என்ற பேதம் அதற்கு இல்லை. கணக்கில் சேர்க்க இயலாத பணத்தை வாங்கிய வங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பவேண்டும். எனவே வெள்ளி அனுப்பிய பணம் திங்கள்வரை "நடுவழியில்" இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டியதில்லை. ஒன்று அனுப்பவில்லை, அல்லது திரும்பி வந்து கம்பெனிக் கணக்கிலேயே கிடக்கிறது.

திரும்பிய பணத்தை எப்போது மறுபடி அனுப்புவார்கள் என்பது முக்கியம். அடுத்த வெள்ளிதான் என்றால் விவசாயிக்கு மேலும் ஒரு வாரம் போகிறது. திருத்திய எண்ணைக் கொடுத்த மறுநாளே அனுப்புவோம் என்று கடிதத்திலேயே எழுதி வாங்குவது நலம்.

விடுமுறை நாள் பற்றியும் ஒரு சொல். காரைக்கால் வட்டாரத்துக்குப் புதுச்சேரி அரசின் விடுமுறைகள் பொருந்தும். ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் இங்கே விடுமுறை, பக்கத்து மயிலாடுதுறையில் வேலை நாள். கம்பெனி அலுவலகம் அந்தப் பக்கம் இருந்தால் பணம் வந்துவிடும், இங்கே கிளை மூடியிருக்கலாம். ஏ.டி.எம். அட்டை இல்லாதவர் மறுநாள்தான் எடுக்கமுடியும். கம்பெனி அலுவலகமே கோட்டுச்சேரியில் இருந்து வெள்ளி விடுமுறையாக அமைந்தால் முந்தைய வேலை நாளில் தருவார்களா, பிந்தைய நாளிலா என்பதைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மோசடிக்காரர்களும் இப்படி மாறும் காலத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், பணம் போட ஓ.டி.பி. எண் சொல்லுங்கள்" என்று தொலைபேசி வந்தால் துண்டித்துவிடவேண்டும். பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி.யும் வேண்டாம், இரகசிய எண்ணும் வேண்டாம். அவை கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு மட்டுமே தேவை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும். இதேபோல, விவசாயியின் பெயரில் வேறு யாராவது கம்பெனிக்குப் பேசி "என் கணக்கு மாறிவிட்டது" என்று சொல்லவும் கூடும். நேரில் வந்து எழுதிக் கையொப்பமிட்டால் ஒழியக் கணக்கு எண்ணை மாற்றலாகாது என்று கம்பெனிக்கும் கட்டுப்பாடு இருக்கவேண்டும்.

கடிதம் எப்படி இருக்கவேண்டும்?

மேலே சொன்னவையெல்லாம் அடங்கிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. உற்பத்தியாளர் கம்பெனி நடத்துவோர் கீழ்க்கண்டவாறு எழுதலாம். நாட்களையும் நேரங்களையும் தங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"நமக்குப் பருத்தி வழங்கும் விவசாயிகளுக்கு: ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து எடைபோடும் சரக்குக்குக் காசோலை தரப்படமாட்டாது. பணம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பப்படும். செவ்வாய் மாலை 5 மணிக்குள் எடைபோட்ட சரக்குக்கு அந்த வெள்ளியும், அதன்பின் போட்ட சரக்குக்கு அடுத்த வெள்ளியும் பணம் கிடைக்கும். வெள்ளி விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளில் அனுப்பப்படும். எடைச்சீட்டு எண், தொகை, கழிவு விவரம் குறுஞ்செய்தியில் வரும். பணம் திரும்பினால், திருத்திய விவரம் கொடுத்த மறு வேலை நாளில் மீண்டும் அனுப்பப்படும், அடுத்த வெள்ளிவரை காக்கவேண்டியதில்லை. இணைத்துள்ள படிவத்தைப் பாஸ்புக் நகலுடன் மே 15-க்குள் நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளவும். பின்னர் கணக்கு எண்ணை மாற்ற விரும்பினால் நேரில் வந்து எழுதிக் கொடுக்கவேண்டும். தொலைபேசியில் மாற்ற இயலாது. நாங்கள் யாரிடமும் ஓ.டி.பி. கேட்பதில்லை. கணக்கு இன்னும் சரியாகாதவர்களுக்கு ஜூன் மாதம் முழுவதும் காசோலை தரப்படும். முன்னர் கொடுத்த காசோலைகள் அவற்றின் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும்."

கடைசியில் உள்ள இரண்டு வாக்கியங்களைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் பீரோவில் பழைய காசோலை வைத்திருப்பவர் அது செல்லாதென்று பயந்து ஓடிவருவார். கணக்கு இல்லாத மூதாட்டி ஒருவரின் பணம் மாதக்கணக்கில் நின்றுபோகும். படிவம் கொடுத்தவருக்கு ஒப்புகை தருவதும் அவ்வளவே அவசியம். எண்ணைத் தவறாக எழுதியது விவசாயியா, தவறாகப் பதிந்தது கம்பெனியா என்ற கேள்வி வந்தால், ஒப்புகையுடன் கூடிய படிவ நகல்தான் அதைத் தீர்க்கும். விவசாயி சரியாக எழுதிக் கொடுத்திருந்து கம்பெனி தவறாகப் பதிந்திருந்தால், பணம் வேறொருவருக்குப் போனாலும் விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது.

பருவம் முடியும்போது ஒரு வேலை மீதமிருக்கும். ஆடி, ஆவணியில் கடைசி எடுப்பு முடிந்து செடியைப் பிடுங்கியபின் பலரும் கம்பெனிப் பக்கம் போவதில்லை. கடைசி எடைக்கான பணம் அடுத்த வெள்ளியில் வந்ததா என்று பார்த்து, அன்றோ மறுநாளோ பாஸ்புக்கைப் பதிந்து கொண்டுபோய், முன்பணம் முழுதும் கழிந்ததா என்று கம்பெனிக் கணக்கில் "பாக்கி இல்லை" என எழுதி வாங்கிவிடவேண்டும். அடுத்த ஆண்டு முதல் எடுப்பின்போது பழைய முன்பணம் மீண்டும் தலைகாட்டினால் அந்தச் சீட்டைக் காட்டலாம்.